கம்பெனியின் பங்குக்கு என்ன விலை கொடுக்கலாம்?

தொழிலில் கூட்டுச் சேரும்போது நம்மவர்கள் "லாபத்தைப் போல எட்டு மடங்கு" என்று வாய்க்கணக்கில் விலை பேசுவது வழக்கம். இதற்கு முறையான கணக்கு ஒன்று உண்டு. எஞ்சிய வருமான முறை என்பது அதன் பெயர். பங்குதாரர்களின் சொந்தப் பணம் ஐந்தொகையில் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் அடிப்படை. அந்தப் பணத்துக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய வருமானத்தைக் கழித்த பிறகு மிஞ்சும் உபரி லாபத்துக்கு மட்டும்தான் மேற்கொண்டு விலை.

ஒரு விநியோகக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பங்கு முதலும் ஒதுக்கு நிதியும் சேர்ந்து 50 லட்சம். வரி போக நிகர லாபம் 10 லட்சம்; அது முழுவதும் ஆண்டுதோறும் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. இந்தத் தொழிலின் ஆபத்துக்கு நூற்றுக்கு 15 வேண்டும் என்று வைத்தால், 50 லட்சத்துக்கு 7.5 லட்சம். உபரி 2.5 லட்சம்.

இந்த உபரி எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் கேள்வி. பக்கத்துத் தெருவில் போட்டிக் கடை வந்தால் அது கரையும். ஆண்டுக்கு அரை லட்சம் வீதம் குறைந்து, ஆறாம் ஆண்டில் இல்லாமல் போவதாகக் கொள்வோம். நாளை வரும் பணம் இன்றைய பணத்துக்குச் சமமல்ல. ஆகவே முதல் ஆண்டு உபரியை 1.15 ஆல் ஒரு முறையும், இரண்டாம் ஆண்டினதை இரு முறையும், இப்படியே வகுத்துக்கொண்டு போக வேண்டும். கிடைப்பது முறையே 2.17, 1.51, 0.99, 0.57, 0.25 லட்சம். கூட்டினால் சுமார் 5.5 லட்சம். ஆக, கம்பெனியின் மதிப்பு 55.5 லட்சம்.

எட்டு மடங்குக் கணக்கில் விற்பவர் 80 லட்சம் கேட்பார். உபரி 2.5 லட்சம் என்றென்றைக்கும் குறையாமல் வந்தாலும் அதன் இன்றைய மதிப்பு 2.5 ÷ 0.15, அதாவது சுமார் 16.7 லட்சம்தான், மொத்தம் 66.7 லட்சம். 80 லட்சம் நியாயமாக வேண்டுமானால் உபரி வளர்ந்துகொண்டே போக வேண்டும். அது எப்படி வளரும் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கு ஏமாற்றுவது ஐந்தொகையில்தான். குடோனில் விலை போகாத சரக்கு 6 லட்சம், வராக்கடன் 4 லட்சம் இருந்தால் உண்மையான சொந்தப் பணம் 40 லட்சமே. நியாய வருமானம் 6 லட்சமாகக் குறைவதால் உபரி 4 லட்சமாகத் தெரியும். அதே விகிதத்தில் அது கரைந்தால் மதிப்பு சுமார் 48.8 லட்சம். லாப விகிதம் கூடியதாகத் தோன்றினாலும் விலை இறங்குகிறது.

லாபத்தையும் சோதிக்க வேண்டும். முதலாளி சம்பளம் எடுக்காமல் உழைத்திருந்தால், அவர் இடத்தில் ஆள் வைக்க ஆகும் செலவைக் கழித்த பிறகே உபரியைப் பார்க்க வேண்டும். அந்தச் செலவு 2.5 லட்சமானால் உபரியே இல்லை. புத்தகத்தில் உள்ள தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே விலை பேசுமுன் இருப்புச் சரக்கை நேரில் எண்ணுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பாக்கிகளைத் தனியே எழுதி வாங்குங்கள். பிறகு பென்சிலை எடுங்கள்.