சிவப்பணுவின் சுவரில் மூன்று வாயில்கள்

1952-ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆராய்ச்சியாளர் நீலகிரி மலைவாழ் பழங்குடியினரின் இரத்தத்தைச் சோதித்து, அவருள் பலரிடம் அரிவாள் அணுக் குணம் உண்டெனக் கண்டு வெளியிட்டனர். அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையேயும் அக்குணம் காணப்பட்டது. அதுகாறும் ஆப்பிரிக்க வமிசத்தாருக்கே பெரும்பாலும் உரியதென்று கருதப்பட்ட குணம் நம் மலைகளிலும் குடியிருந்தமை இவ்வாறு வெளிப்பட்டது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதனைப் பெற்ற குழந்தைக்கு அது நோயாகிறது. அந்நோயாளியின் சிவப்பணு, பிராணவாயுவை இழந்த வேளையில், வட்டவடிவு நீங்கி அரிவாள்போல் வளைந்து விறைத்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துக் கடுநோவை விளைவிக்கின்றது.

இதன் மூலகாரணம் ஹீமோகுளோபினில் நேர்ந்த ஒரு சிறு மாறுதலே என்பது பலரும் அறிந்தது. ஆயின், அணு வளையும் வேகத்தைத் தீர்மானிப்பதில் ஹீமோகுளோபினோடு அணுவின் மென்சவ்வுக்கும் பங்குண்டு. அச்சவ்வின் வழியே உப்புக்களும் சர்க்கரையும் போக்குவரவு செய்யும் முறைகளை அறிந்தாலன்றி இந்நோயின் போக்கு விளங்காது. அம்முறைகளை இச்சிவப்பணு ஒன்றிலேயே வைத்து ஈண்டு ஆராய்வோம்.

அணுவின் சவ்வு கொழுப்பாலான ஈரடுக்கு. பிராணவாயு போன்ற சிறு பொருள்கள் அதனுள் தாமே நுழைந்து செல்லும். சர்க்கரையோ, மின்னேற்றமுள்ள உப்பணுக்களோ அவ்வாறு செல்லமாட்டா. அவற்றிற்கு வழிவிடச் சவ்வினூடே புரதங்கள் பதிந்துள்ளன.

முதலாவது, தாங்கிப் புரதம். குளுக்கோஸ் சர்க்கரையைச் சிவப்பணுவுக்குள் விடுவது இத்தகையதே. படகுக்காரன் ஆளை ஏற்றி அக்கரை சேர்ப்பதுபோல் இப்புரதம் சவ்வைக் கடந்து சென்று வருகிறதென்று முன்னாளில் எண்ணினர். உண்மையில் அது இடம் பெயர்வதில்லை. இரு கதவுகள் ஒருசேரத் திறவாத ஓர் அறைக்கு அதனை ஒப்பிடலாம். வெளிக்கதவு திறந்திருக்கையில் சர்க்கரை வந்து பொருந்துகிறது. வெளிக்கதவு மூட, உட்கதவு திறக்கிறது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அறை இவ்வாறு உருமாற வேண்டியிருத்தலின், விநாடிக்குச் சில நூறோ ஆயிரமோ மட்டுமே கடக்க இயலும். அறைகள் யாவும் நிரம்பியபின், வெளியே சர்க்கரை எவ்வளவு மிகினும் வேகம் அதற்குமேல் ஏறாது. இந்த நிரம்பும் எல்லை இருப்பதே தாங்கியின் அடையாளம்.

இரண்டாவது, கால்வாய்ப் புரதம். இதனை ஏரி மதகு எனலாம். திறந்தால் இருபுறமும் ஒருங்கே திறந்து நிற்கும். தனக்குரிய உப்பணு வரிசையாக ஓடிவிடும். ஒரு மதகின் வழியே விநாடிக்குப் பத்து இலட்சம் வரையில் பொட்டாசிய அணுக்கள் செல்லக்கூடும். தாங்கியும் மதகும் வேகத்தில் இங்ஙனம் வேறுபடினும், இரண்டும் ஒரே சட்டத்துக்கு உட்பட்டவை. பொருள் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கே நிகர ஓட்டம் நடைபெறும். உப்பணுக்களுக்கு மின்னழுத்தமும் ஒரு சரிவாக நின்று திசையைத் தீர்மானிக்கும். சரிவு தீர்ந்தால் ஓட்டமும் நின்றுவிடும். இதற்கு அணு தன் ஆற்றலைச் செலவிடுவதில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே எளிதாக்கப்பட்ட பரவல் என்பர்.

மூன்றாவது வகை இதற்கு நேர்மாறு. சிவப்பணுவின் உள்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் பொட்டாசியம் உண்டு. வெளியே இரத்தநீரில் அது 4 மில்லிமோல் அளவே. சோடியமோ வெளியே 140 இருக்க, உள்ளே 10 அல்லது 15 தான். இவ்வேற்றத்தாழ்வு தானே நிலைத்திராது. பள்ளத்து நீரை மேட்டு வயலுக்கு ஏற்றம் இறைப்பதுபோல், ஓர் இறைப்புப் புரதம் ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருளில் ஒன்றைச் செலவிட்டு, மூன்று சோடியத்தை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே கொணர்கிறது. இதுவே செயல்மிகு கடத்தல். 1957-இல் நண்டின் நரம்பில் இப்புரதத்தின் வினையைக் கண்டறிந்த டென்மார்க்கு தேசத்து ஸ்கூ, 1997-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

ஒரு பொருள் அணுவுக்குள் நுழைவதைக் கண்டால், அது பரவலா இறைப்பா என்று எவ்வாறு தெளிவது? குளிரவைத்துப் பார்த்தல் பழைய சோதனை. 1941-ஆம் ஆண்டளவில், சேமித்த இரத்தத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் பொட்டாசியம் அணுக்களிலிருந்து கசிவதையும், சர்க்கரையுடன் வெதுவெதுப்பாக்கினால் அது சரிவுக்கு எதிராக மீண்டும் உள்ளேறுவதையும் கண்டனர். ஆயினும் இச்சோதனையை மட்டும் நம்பலாகாது. குளிரில் தாங்கிகளும் தளர்வன ஆதலின், வேகம் குறைந்தமை கொண்டே இறைப்பு என முடிவுகட்டுதல் பிழையாகும். குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்குப் பொருள் ஏறுகிறதா, ஆற்றலை நிறுத்தியதும் அவ்வேற்றம் தேய்கிறதா என்ற இரண்டையும் காணவேண்டும். இன்னொரு சாட்சி நம் ஊர் அரளியில் உண்டு. அதன் நஞ்சு சோடிய-பொட்டாசிய இறைப்பானையே பற்றி நிறுத்திவிடும். சர்க்கரைத் தாங்கியைப் பற்றாது. அரளி விதை உண்டவரின் இரத்தநீரில் பொட்டாசியம் அபாயகரமாக ஏறுதற்கும் இதுவே காரணம்.

இனி நோயுற்ற அணுவுக்குத் திரும்புவோம். சிவப்பணுவின் சவ்வில் பொட்டாசியத்துக்கென ஒருவகை மதகு உண்டு. 1958-இல் ஹங்கேரி நாட்டு கார்டோஷ், ஆற்றல் வற்றிய சிவப்பணுக்களில் கால்சியம் புகுந்தால் பொட்டாசியம் விரைந்து வெளியேறுவதைக் காட்டினார். அதனால் அது அவர் பெயரால் வழங்குகிறது. வழக்கமாக அம்மதகு மூடியே கிடக்கும். அதனைத் திறப்பது உட்புகும் கால்சியமே. உள்ளிருக்கும் கால்சியம் வெளியிலுள்ளதில் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்துணைக் குறைவாக வைத்திருப்பதும் மற்றோர் இறைப்புப் புரதமே. ஆக, ஓர் ஏற்றம் ஓயாது இறைப்பதனாலேதான் மற்றொரு மதகு மூடியிருக்கிறது. கார்டோஷ் கண்ட அணுக்களில் ஆற்றல் வற்றியதும் கால்சிய ஏற்றம் நின்றது, மதகு திறந்தது. பொட்டாசிய இழப்பைக் கண்டு ‘சோடிய இறைப்பான் நின்றதே இதற்குக் காரணம்’ என ஒருவர் எழுதுவாராயின், அவர் கணக்கில் பெரும்பகுதி விடுபட்டிருக்கும்.

அரிவாள் அணுவில் ஆற்றல் வற்றாமலே இத்தீங்கு நேர்கிறது. பிராணவாயு நீங்க, ஹீமோகுளோபின் நீண்ட இழைகளாகக் கோத்து உள்ளிருந்து சவ்வை முட்டுகிறது. சவ்வு கால்சியத்துக்கு இடங்கொடுக்கிறது. சில அணுக்களில் அது இறைப்பானின் திறத்தை மிஞ்சிவிட, மதகு திறக்கிறது. பொட்டாசியம் சரிவில் ஓட, குளோரைடு உடன் செல்ல, நீரும் பின்தொடர்கிறது. அணு வற்றிச் சுருங்குகிறது.

இறைப்பான் இழந்ததை மீட்காதோ எனின், ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சிவப்பணுவில் சோடிய-பொட்டாசிய இறைப்பான்கள் சில நூறே. முந்நூறு எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் விநாடிக்கு ஏறத்தாழ 50 முறை சுழல்கிறது. முறைக்கு இரண்டு பொட்டாசியம். ஆகவே அணு முழுவதும் சேர்ந்து விநாடிக்கு 30,000 அணுக்களை உள்ளே கொணரும். ஒரே ஒரு மதகு திறந்து நின்றால் வெளியேறுவதோ சில இலட்சம் முதல் பத்து இலட்சம் வரை. மதகு விட்டுவிட்டுத் திறப்பதென்று கழித்தாலும், பல மதகுகள் ஒருங்கே திறந்த அணுவின் இறைப்பான்கள் அவ்வோட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. இறைப்பானில் யாதொரு பழுதும் இல்லாதிருந்தும் அது தோற்கிறது.

நீர் வற்றுதலின் கேடு யாது? உள்ளிருக்கும் ஹீமோகுளோபினின் அளவு மாறாமல் செறிவு மட்டும் கூடுகிறது. பிராணவாயு நீங்கியபின் இழைகள் தோன்றுதற்குச் சிறிது தாமதம் உண்டு. அணு நுண்குழாயைக் கடக்க ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். தாமதம் அதனினும் நீண்டால், அணு வளையாமலே கடந்து, நுரையீரலை அடைந்து பிழைத்துக்கொள்ளும். இத்தாமதமோ ஹீமோகுளோபின் செறிவின் 15 முதல் 30 வரையான அடுக்குக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது. செறிவு பத்தில் ஒரு பங்கு ஏறியதாகக் கொண்டால், 1.1-இன் பதினைந்தாம் அடுக்கு ஏறத்தாழ 4. முப்பதாம் அடுக்கு 17. பத்து விநாடித் தாமதம் இரண்டரை விநாடியாகவோ, அரை விநாடிக்கும் சற்று மேலாகவோ சுருங்கிவிடும். முன்னையது இன்னும் தப்பிச் செல்லும். பின்னது குழாயின் நடுவிலேயே விறைக்கும். வளைந்த அணுவில் கால்சியம் மேலும் புக, மதகு மீண்டும் திறக்க, வற்றல் மேலும் மிகுகிறது. நோயாளி நீர் அருந்தாதிருத்தல் கேடு என்று மருத்துவர் வற்புறுத்துவதற்கும் இச்செறிவே காரணம். உடலின் இரத்தநீர் செறிந்தால் அதுவும் அணுவிலிருந்து நீரை வாங்கிக்கொள்ளும்.

அங்ஙனமாயின் மதகை அடைத்துவிட்டால் நோய் தீருமன்றோ என்று எண்ணத் தோன்றும். அறிஞரும் அவ்வாறே எண்ணினர். செனிகாபாக் என்னும் மருந்து கார்டோஷ் மதகை அடைப்பது. அதனை உண்டவரிடம் வற்றிய அணுக்கள் குறைந்தன, அணுக்கள் அழிவது தணிந்தது, ஹீமோகுளோபினும் உயர்ந்தது. ஆயினும் நோவுத் தாக்குதல்கள் குறையாமையால் பெருஞ்சோதனை முன்னதாகவே நிறுத்தப்பட்டு, முடிவு 2011-இல் வெளியாயிற்று. வற்றாத அணுக்கள் நெடுநாள் வாழ்ந்து, இரத்தம் தடித்ததே தடையாயிருக்கலாம் என்பர் சிலர். அன்றியும், நீர் வெளியேற இது ஒன்றே வழியன்று. பொட்டாசியத்தையும் குளோரைடையும் இணைத்தே கடத்தும் தாங்கி ஒன்றும் அச்சவ்வில் உண்டு. அரிவாள் அணுவில் அது மிகையாக இயங்குகிறது.

இன்று கூடலூரிலுள்ள ஆதிவாசி மருத்துவமனை முதலிய இடங்களில் இந்நோயாளர் கவனிக்கப்படுகின்றனர். இந்நோய்க்குப் பரவலாக வழங்கும் மருந்தாகிய ஹைட்ராக்ஸியூரியா மதகைத் தொடுவதில்லை. சிசுப் பருவத்து ஹீமோகுளோபினை மிகுவித்து இழை கோத்தலைத் தடுப்பதே அதன் முதல் வேலை. அத்துடன் அணுக்கள் சற்றுப் பெருத்து, நீர் மிகுந்து காணப்படுகின்றன. இழை கோத்தல் குறைந்தால் கால்சியம் புகுதலும் குறையும். மதகும் பெரும்பாலும் மூடியே கிடக்கும். முந்நூறு ஏற்றங்களின் வேலையே அணுவுக்குப் போதியதாகும்.