எந்த மேளம்? காதால் பிடியுங்கள்

போனின் சின்ன ஸ்பீக்கரில் அடித்தொனி அமுங்கிவிடும். இயர்போன் போட்டுக் கேளுங்கள். குச்சி வெடிப்பு முன்னால் நின்றால் அது டோல். மற்ற மூன்றும், அதாவது தபேலா, டோலக், மிருதங்கம், கையால் வாசிப்பவை.

இடக்கைத் தொனி 'கூம்' என்று நீளமாக வழுக்கினால் தபேலா அல்லது டோலக். இனி வலக்கையைக் கவனியுங்கள். கரும்பசை பூசிய தபேலா மணிபோல ஒரே சுருதியில் நீளும். வலப்பக்கம் பசையில்லாத டோலக் 'டக்' என்று உலர்ந்து நின்றுவிடும்.

மிருதங்கத்திலும் இப்படி வழுக்கும் கும்கி உண்டு, ஏமாறவேண்டாம். இடந்தலை ரவைப்பசையின் கனத்தில் 'தொம்' என்று அடங்கும். வலந்தலை லேசான இரைச்சலோடு ரீங்கரிக்கும்.

மட்டக்களப்பில் இன்னொரு சிக்கல்: கூத்து மத்தளமும் இருதலை மேளம்தான். கூடவே சல்லரி ஒலித்தால், அவசரப்பட்டு மிருதங்கம் என்று எழுதிவிடாதீர்கள்.