போகலாமா, வேணாமா: 90 செகண்டுக்கு ஒரு மைண்ட் வாய்ஸ் எழுதுவது

வேலையை விடலாமா வேணாமான்னு தவிக்கிற ஒரு ஆள். பின்னணியில அவனோட குரல். நம்ம காலேஜ் குறும்படங்கள்ல இந்தக் காட்சி அடிக்கடி வரும். அந்தக் குரல் பெரும்பாலும் இப்படித்தான் பேசும்: "மூணு வருஷமா இந்தக் கம்பெனியில வேலை செய்யறேன். ஒரு பக்கம் நிலையான சம்பளம். இன்னொரு பக்கம் என் கனவு. நான் எந்தப் பாதையில போகப் போறேன்?"

இதுல தப்பான தகவல் ஒண்ணும் இல்ல. ஆனா இந்த ஆள் இதை யாருக்குச் சொல்றான்? மூணு வருஷமா வேலை செய்யறது அவனுக்கே தெரியும். தனக்குத் தெரிஞ்சதை யாரும் தனக்கே விளக்கிச் சொல்றதில்ல. அந்த வரி நமக்காக, அதாவது பார்வையாளருக்காக எழுதப்பட்டது. கேட்டவுடனே அது மனசுக்குள்ள ஓடற பேச்சா இல்லாம பேச்சுப் போட்டி மாதிரி ஆயிடுது. "ஒரு பக்கம், இன்னொரு பக்கம்"னு வந்தாலே இந்தச் சிக்கல் ஆரம்பிச்சாச்சுன்னு வெச்சுக்கலாம். முடிவு எடுக்க முடியாதவன் ரெண்டு பக்கத்தையும் சமமா எடை போடறதில்ல. ஏதோ ஒரு சின்ன விஷயத்தையே திரும்பத் திரும்ப எண்ணிட்டு இருப்பான். பெரிய விஷயத்தைத் தொடாம இருக்கத்தான் அந்த எண்ணல்.

அதனால எழுத உட்காரும்போது முதல்ல முடிவு பண்ண வேண்டியது, இவன் எதைச் சொல்லாம தவிர்க்கிறான் என்பதை. அது தெரிஞ்சுட்டா மத்ததெல்லாம் அதைச் சுத்தி அமையும்.

ஒரு ஆளை எடுத்துக்குவோம். பேரு சரவணன், வயசு 25, ஊரு கோயமுத்தூர். மெக்கானிக்கல் படிச்சுட்டு சிறுசேரியில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி சப்போர்ட் டீம்ல இருக்கான். தாம்பரத்துல பிஜி. காலையில கம்பெனி பஸ். கையில வர்ற சம்பளம் 41,000. படிப்புக் கடன் மாசம் 7,800. பிஜிக்கு 8,500. வீட்டுக்கு 15,000. மிச்சம் 9,700. ஊர்ல பிரபுன்னு ஒரு நண்பன், பம்ப் செட்டுக்கு ஸ்பேர் செய்யற சின்னப் பட்டறை வெச்சிருக்கான். "வாடா, இப்போதைக்கு 18,000 தர்றேன்"னு கூப்பிடறான். ராஜினாமா மெயில் டைப் பண்ணியாச்சு, டிராஃப்ட்ல கிடக்கு.

கதையைத் தொடங்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கை நீங்க பேப்பர்ல போட்டே ஆகணும். ஏன்னு பாருங்க. 18,000ல கடன் 7,800 போனா 10,200 மிச்சம். ஊருக்குப் போயிட்டா பிஜி வாடகை கிடையாது, சாப்பாடும் வீட்டுல. அப்போ வீட்டுக்கு 15,000க்குப் பதிலா 10,000 குடுக்க முடியும். அதாவது கணக்கு கஷ்டப்பட்டாவது தேறிடுது. இது எழுதறவருக்குக் கிடைக்கிற பெரிய வசதி. பணம்தான் தடைன்னு சரவணன் நினைச்சுட்டு இருக்கான். கணக்குப் போட்டுப் பார்க்கறான், தேறுது. ஆனாலும் கட்டை விரல் Send மேல இறங்க மாட்டேங்குது. அப்போதான் பார்க்கறவருக்குப் புரியும், இது பணமில்ல, வேற ஏதோன்னு. ஒரு வார்த்தைகூட யாரும் விளக்க வேண்டாம். கணக்கு தேறவே தேறாதுன்னு நம்பர் வெச்சீங்கன்னா கதை வெறும் பணக் கஷ்டமா நின்னுடும். ரொம்ப ஈஸியா தேறிடுச்சுன்னா, ஏன்டா இன்னும் யோசிக்கிறன்னு தோணும். 5,000 குறையுதுங்கறது வலிக்கும், ஆனா ஆளை நிறுத்தாது.

அந்த "வேற ஏதோ" என்ன? அவனோட அப்பா மில்லுல வேலை பார்த்தவர். மில்லை மூடினதுக்கு அப்புறம் வேலைக்குப் போகல. சரவணனோட பழைய கம்பெனி டேக்ல தன்னோட பைக் சாவியை மாட்டி வெச்சிருக்கார். பையன் எங்க வேலை செய்யறான்னு யாரும் கேட்காமலே தெரியும். சரவணன் தொடாம இருக்கற விஷயம் இதுதான். குரல் இதைப் பத்தி ரெண்டு வரிக்கு மேல பேசக் கூடாது. அதுவும் கடைசியில.

அடுத்தது, இவன் யார்கிட்ட பேசறான்? மைண்ட் வாய்ஸ்னா தனக்குத் தானேன்னு எழுதிடறோம். உண்மையில மனசுக்குள்ள எப்பவும் எதிர்ல ஒரு ஆள் இருக்கும். இங்க தமிழ் நமக்கு ரொம்ப உதவும். "அனுப்பிடு"ன்னா தன்னையே அதட்டறான். "அனுப்பிடறேன்டா"ன்னா பிரபுகிட்ட பேசறான். "வெச்சிருக்கீங்கல்ல"ன்னா அப்பா வந்துட்டார். வினைச்சொல்லோட கடைசி எழுத்தை மாத்தினாலே எதிர்ல இருக்கற ஆள் மாறிடறார். பேர் சொல்லி அறிமுகப்படுத்தத் தேவையில்ல.

நம்பரும் அப்படித்தான். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நம்மள்ல நிறைய பேருக்கு மனக்கணக்கு இங்கிலீஷ்லதான் ஓடும். சரவணனுக்கும் சம்பளம் "ஃபார்ட்டி ஒன்", கடன் "செவன் எய்ட்". ஆனா வீட்டுக்கு அனுப்பற காசு மட்டும் "பதினஞ்சு". ஏன்னா அந்த எண்ணை அவன் அம்மா வாயிலதான் கேட்டிருக்கான். ஸ்கிரிப்ட்ல 15,000னு எண்ணா எழுதிட்டா நடிக்கறவர் எப்படி வேணா படிச்சுடுவார். அதனால குரல்ல வர்ற எண்ணை எல்லாம் வாயில எப்படி வருமோ அப்படியே எழுத்தால எழுதுங்க.

இப்போ காட்சி. ஃபவுண்டன் ஃபார்மட்ல எழுதினா எந்த டெக்ஸ்ட் எடிட்டர்லயும் எழுதலாம். ஒரு விஷயம் மட்டும் தமிழ்ல எழுதறவங்க தெரிஞ்சுக்கணும். அந்த ஃபார்மட் பெரிய எழுத்தை வெச்சுத்தான் பாத்திரத்தோட பேரைக் கண்டுபிடிக்கும். தமிழ்ல பெரிய எழுத்து கிடையாது. அதனால பேருக்கு முன்னாடி `@` போடணும், இல்லேன்னா பேரும் வசனமும் காட்சி விவரிப்புக்குள்ள கலந்துடும். குரலுக்கு `(V.O.)`. ஆள் அதே இடத்துல, ஆனா ஃப்ரேமுக்கு வெளியே இருந்து பேசினா `(O.S.)`. மனசுக்குள்ள ஓடறதுக்கு எப்பவும் முதல்ல சொன்னதுதான்.

```
INT. கம்பெனி பஸ் - காலை

போன் திரையில் ராஜினாமா மெயில்.
கட்டை விரல் Send மேல் நிற்கிறது.

@சரவணன் (V.O.)
ஃபார்ட்டி ஒன் வருது. லோன் செவன் எய்ட்.
பிஜி எய்ட் ஃபைவ். வீட்டுக்குப் பதினஞ்சு.

மேடவாக்கம் தாண்டுகிறது. பக்கத்து சீட்டில்
ஒருவன் வாய் திறந்து தூங்குகிறான்.

@சரவணன் (V.O.)
அங்க எய்ட்டீன். லோன் போக டென் டூ.
பிஜி இல்ல. சாப்பாடு வீட்டுல.
பத்து குடுக்கலாம். பதினஞ்சு இல்ல. பத்து.
அம்மா ஒண்ணும் கேக்காது.

திரை தானாக அணைகிறது. மறுபடி தட்டி எழுப்புகிறான்.

@சரவணன் (V.O.)
தேறுதுல்ல. அப்புறம் என்ன. அனுப்பிடு.

சோழிங்கநல்லூர் சிக்னல். பஸ் நிற்கிறது. குரல் இல்லை.

@சரவணன் (V.O.)
ப்பா, அந்த பைக் சாவிய...
என்னோட பழைய டேக்லதான இன்னும் மாட்டி
வெச்சிருக்கீங்க.

EXT. கம்பெனி கேட் - காலை

எல்லோரும் டேக்கைக் கழுத்தில் மாட்டியபடி
நுழைகிறார்கள். சரவணன் டேக்கைக் கையில்
வைத்துக்கொண்டு நிற்கிறான்.
```

கவனிச்சுப் பாருங்க, கனவு, நிம்மதி, பயம்னு ஒரு வார்த்தையும் இல்ல. பட்டறையைப் பத்தியே பேச்சு இல்ல, "அங்க"ன்னு மட்டும்தான் வருது. மனசுக்குள்ள நாம சுட்டிக் காட்டித்தான் பேசுவோம், பேர் சொல்லி விளக்க மாட்டோம். "அங்க"ன்னா எங்கன்னு தெரியணும்னா, இதுக்கு முந்தின காட்சியில பிரபு போன்ல பேசறது ஒரு தடவை கேட்டிருந்தாப் போதும். "பத்து"ங்கற சொல்லை அவன் ரெண்டு தடவை சொல்றான், ஏன்னா அது தனக்கே பழகணும். "அனுப்பிடு"ன்னு சொன்ன பிறகு வர்ற சிக்னல் நிறுத்தம்தான் காட்சியோட மையம். அங்க குரல் போடாதீங்க. எடிட்டிங்ல அந்த இடம் நீளமா தெரியும், பாட்டை இழுத்து வைக்கலாமான்னு கை பரபரக்கும். விட்டுடுங்க.

முடிவைக் குரல் சொல்லவே இல்ல. கையில டேக்கோட நிக்கறவன் மாட்டிட்டு உள்ள போவானா, திரும்புவானாங்கறது அடுத்த காட்சியில அவன் செய்யறதுல தெரியணும். செயலால காட்ட முடியற ஒண்ணைக் குரலால முன்கூட்டியே சொல்லிட்டா செயலுக்கு வேலை இல்லாம போயிடும். படமும் குரலும் ஒரே விஷயத்தைச் சொல்லாம இருக்கறது எவ்வளவு தூரம் போகலாம்னு பார்க்கணும்னா டெரன்ஸ் மாலிக்கோட 'பேட்லாண்ட்ஸ்' (1973) பாருங்க. திரையில கொலை நடக்கும், அந்தப் பொண்ணோட குரல் காதல் கதை படிக்கற மாதிரி சாதாரணமா போய்ட்டே இருக்கும்.

எழுதி முடிச்சதும் ஸ்டாப் வாட்ச் வெச்சு, நடிக்கற வேகத்துல சத்தமா படிங்க. மேல இருக்கற குரல் வரிகளை நிதானமா படிச்சா அரை நிமிஷத்தைச் சுத்தி வரும். 90 செகண்ட் காட்சிக்கு அது போதும். பாதிக்கு மேல குரல் போச்சுன்னா படம் வெறும் படக்கதை ஆயிடும். அப்புறம் ரஃப் கட்டை ரெண்டு தடவை ஓட்டுங்க. ஒரு தடவை சத்தமில்லாம, ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டு. ரெண்டுல எதாவது ஒண்ணுலயே முழுசா புரிஞ்சுட்டா இன்னொண்ணு வீண்னு அர்த்தம். எங்க ரெண்டும் ஒண்ணா ஓடுதோ அங்க குரல் வரியை வெட்டுங்க.

ரெக்கார்டிங்குக்கு ஸ்டூடியோ தேவையில்ல, ஆனா ஹாஸ்டல் ரூமோட வெறும் சுவர் எதிரொலி குரலைக் கெடுத்துடும். போர்வைக்குள்ள உட்கார்ந்து, போனை வாய்க்கு ஒரு சாண் தூரத்துல, நேரா இல்லாம கொஞ்சம் பக்கவாட்டுல வெச்சா மூச்சு மோதற சத்தம் வராது. மனசுக்குள்ள கேக்கற குரல் எதிரொலி இல்லாம, காதுக்குப் பக்கத்துல இருக்கற மாதிரி கேக்கணும். பழைய படங்கள்ல வர்ற அந்த 'எக்கோ' எஃபெக்டைப் போட்டா சீரியஸ் காட்சிக்கும் ஆடியன்ஸ் சிரிச்சுடுவாங்க. பஸ் சத்தத்தை ஆள் பேசாம இருக்கறப்போ தனியா ஒரு நிமிஷம் எடுத்து வெச்சுக்கோங்க. குரல் வர்றப்போ அதைக் கொஞ்சம் தணிச்சு, சிக்னல்ல முழுசா மேல கொண்டு வாங்க. நடிக்கறவர் கடைசி வரியை மட்டும் தனியா, முன்னாடி இருக்கற எதையும் படிக்காம, தன் அப்பா எதிர்ல இருக்கறதா நினைச்சு மூணு நாலு டேக் குடுக்கட்டும். சோகமா இழுத்துச் சொன்ன டேக்கைத் தூக்கிப் போட்டுட்டு, சும்மா சாவியைப் பத்தி விசாரிக்கற மாதிரி வந்த டேக்கை வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு. உங்க கதையில முடிவு இன்னொருத்தரோட பதிலை நம்பி இருந்தா, உதாரணமா சரவணன் போறதும் போகாததும் அப்பா என்ன சொல்றார்ங்கறதுல இருந்தா, அங்க மைண்ட் வாய்ஸ் வேண்டாம். அப்பாவுக்கு போன் போட வைங்க. அப்பா எடுத்ததும் "சாப்பிட்டியா"ன்னு கேக்கட்டும்.