துள்ளல் அடங்கும் மூன்று விதங்கள்

பழுதுபார்க்கும் பட்டறையில் பணியாளர் மகிழுந்தின் ஒரு மூலையைக் கீழே அழுத்திவிட்டு, சட்டெனக் கைகளை எடுப்பார். வண்டி ஒருமுறை எழும்பி அடங்கினால் அங்குள்ள அதிர்வு தாங்கி நல்ல நிலையில் இருக்கிறது எனலாம். பலமுறை துள்ளினால் அது தேய்ந்திருக்கக்கூடும்.

சக்கரத்தின் அருகே உள்ள சுருள்வில், அழுத்தப்பட்ட வண்டியைப் பழைய நிலைக்குத் தள்ளுகிறது. அதிர்வு தாங்கியினுள் இருக்கும் எண்ணெய், சிறு துளைகளின் வழியே நுழைந்து செல்லும்போது அந்த அசைவை எதிர்க்கிறது. அசைவின் வேகம் கூடினால் எதிர்ப்பும் கூடும். இந்த எதிர்ப்பையே தணிப்பு என்கிறோம்.

ஒரு சக்கரம் 300 கிலோகிராம் நிறையைத் தாங்குவதாகவும், சுருள்வில்லை ஒரு மீட்டர் அழுத்த 30,000 நியூட்டன் விசை என்னும் கணக்கில் அதன் விறைப்பு இருப்பதாகவும் கொள்வோம். இவ்விரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, இரண்டால் பெருக்கினால் 6,000 கிடைக்கும். அதாவது, வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் 6,000 நியூட்டன் எதிர்ப்புத் தரும் தணிப்பே இந்த வண்டிக்கு எல்லைக்கோடு. இதனை மாறுநிலைத் தணிப்பு என்பர்.

இப்போது வண்டியை 20 மில்லிமீட்டர் அழுத்தி விடுவோம். தணிப்பு 1,200 மட்டுமே என்றால், வண்டி பழைய நிலையைத் தாண்டி 10.5 மில்லிமீட்டர் மேலே எழும். பிறகு 5.5 மில்லிமீட்டர் கீழே இறங்கும். ஒவ்வொரு முறையும் துள்ளல் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். இது குறைதணிப்பு. துள்ளல் 2 மில்லிமீட்டருக்குள் அடங்க ஒரு வினாடிக்குச் சற்று மேலாகும்.

தணிப்பு 6,000 ஆனால் வண்டி எல்லையைத் தாண்டாமல் 0.4 வினாடியில் அதே அளவுக்கு அடங்கிவிடும். அப்படியானால், தணிப்பை 15,000 ஆக உயர்த்தினால் இன்னும் விரைவாக அடங்குமா? இல்லை. கெட்டியான எதிர்ப்பு சுருள்வில்லையே தடுப்பதால், வண்டி ஊர்ந்து ஊர்ந்து திரும்பும். அதற்கு 1.1 வினாடி பிடிக்கும். இது மிகைதணிப்பு. அடுத்த மேடு அதற்குள் வந்துவிட்டால், வண்டி பழைய நிலைக்குத் திரும்பாமலே மீண்டும் அழுத்தப்படும்.

குறைதணிப்பைக் கண்ணாலேயே அறியலாம்; வண்டி நடுநிலையைத் தாண்டித் திரும்பும். மற்ற இரண்டிலும் அது தாண்டுவதில்லை. ஆகவே அவற்றைப் பிரித்தறிய, தணிப்பைச் சற்றுக் குறைத்துப் பார்க்க வேண்டும். வண்டி உடனே எல்லையைத் தாண்டத் தொடங்கினால், முன்பு இருந்தது மாறுநிலை. தாண்டாமல் முன்னைவிட விரைவாகத் திரும்பினால், முன்பு இருந்தது மிகைதணிப்பு.

மகிழுந்துகளில் பயணம் இதமாக இருப்பதற்காகத் தணிப்பை மாறுநிலையைவிடக் குறைவாகவே வைக்கின்றனர். நல்ல நிலையில் உள்ள வண்டியும் ஒருமுறை எழும்புவது அதனால்தான்.