வெளியிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு மட்டும்தான் ஹார்டி–வீன்பெர்க்

மரபியல் அசைன்மென்டில் அல்லீல் நிகழ்வெண்ணையும் பெடிகிரி படத்தையும் சேர்த்து ஒரே கணக்காகக் கொடுத்தால் பலரும் தடுமாறுகிறார்கள். சூத்திரம் தெரியாததால் அல்ல. எந்த ஆளுக்கு எந்தச் சூத்திரம் என்று பிரித்துப் பார்க்காததால். ஒரு கணக்கை எடுத்து, படிக்குப் படி சரிபார்த்துக்கொண்டே போவோம்.

நோயில்லாத பெற்றோர். மூத்த மகளுக்கு ஒரு பரம்பரை நோய். இளைய மகளுக்கு நோயில்லை. அவள் உறவல்லாத, நோயில்லாத ஒருவரை மணக்கிறாள். அந்த மக்கள்தொகையில் 2500 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. (வட ஐரோப்பியரிடையே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்குப் பாடநூல்கள் தரும் எண் ஏறக்குறைய இதுதான்.) இளையவளின் முதல் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு என்ன?

முதலில் எண்ணைத் தொடாமல் படத்தைப் பாருங்கள். நோயற்ற பெற்றோருக்கு நோயுள்ள பிள்ளை என்பதால் நோய் ஒடுங்கு தன்மை கொண்டது. X குரோமோசோம் சார்ந்ததாக இருக்குமோ? அப்படியென்றால் நோயுள்ள மகள் ஒரு a அல்லீலைத் தகப்பனின் X வழியாகத்தான் பெற்றிருக்க வேண்டும். தகப்பனுக்கோ ஒரே ஒரு X, அதில் a இருந்தால் அவருக்கே நோய் இருந்திருக்கும். அவருக்கு இல்லை. ஆகவே இது உடற்குரோமோசோம் ஒடுங்கு நோய். நோயுள்ளது மகனாக இருந்திருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. இந்த வாதத்தை விடைத்தாளில் எழுதுங்கள்.

அடுத்து இளைய மகள். பெற்றோர் இருவரும் Aa. பன்னட் கட்டத்தில் AA ஒன்று, Aa இரண்டு, aa ஒன்று. பாதி Aa என்று பார்த்தவுடன் 1/2 என எழுதத் தோன்றும். ஆனால் அவளுக்கு நோயில்லை என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். aa கட்டத்தை அடித்துவிட்டால் மிச்சம் மூன்று. அதில் இரண்டு Aa. அவள் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 2/3. சரிபார்க்க ஒரே கேள்வி போதும்: இந்தப் பின்னத்தின் பகுதியில் இருக்கும் எல்லோருமே இன்னும் சாத்தியமானவர்கள்தானா?

இப்போது மாப்பிள்ளை. அவருடைய குடும்பம் படத்தில் இல்லை. ஹார்டி–வீன்பெர்க் இங்கேதான் வருகிறது. 1/2500 என்பது நோயாளிகளின் பங்கு, அதாவது q². q ஆக எடுத்துவிடாதீர்கள். q = 1/50, p = 49/50. இதைப் பின்னங்களாக வைத்திருப்பதைவிட 2500 பேராகவே பிரித்துப் பார்ப்பது நல்லது: AA 2401, Aa 98, aa 1. கூட்டினால் 2500 வருகிறது, கணக்கு சரி. மாப்பிள்ளைக்கும் நோயில்லை என்பதால் அந்த ஒருவரை நீக்குங்கள். 98/2499, அதாவது 2/51.

வர்க்கமூலம் எடுப்பதில் ஓர் எச்சரிக்கை. மூன்று ஜீன் ஆக்கங்களின் எண்ணிக்கையும் கேள்வியிலேயே கொடுக்கப்பட்டிருந்தால் அதை எடுக்கவே கூடாது. அல்லீல்களை நேராக எண்ண வேண்டும். 100 பேரில் AA 50, Aa 20, aa 30 என்றால் 200 அல்லீல்களில் a 80; q = 0.4. இங்கே √0.3 எடுத்தால் 0.55 வரும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதே அந்த மக்கள்தொகை சமநிலையில் இல்லை என்பதற்கு அடையாளம்.

பெருக்குவோம். இருவரும் கடத்திகளாக இருந்தால் குழந்தை aa ஆகும் வாய்ப்பு 1/4.

2/3 × 2/51 × 1/4 = 1/153

விடை நியாயமானதா? பொதுவான வாய்ப்பான 1/2500-ஐவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், ஏனென்றால் அக்காளுக்கு நோய். இருவரும் கடத்திகள் என்று உறுதியானால் வரும் 1/4-ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் பொருந்துகிறது.

நம் ஊரில் ஆசிரியர் இதே கணக்கை ஒரு சொல் மாற்றிக் கேட்கலாம்: அவள் மணப்பது நோயில்லாத தாய்மாமனை. உடனே 2/51 செல்லாது. துணையைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற அனுமானத்தின் மேல்தான் ஹார்டி–வீன்பெர்க் நிற்கிறது. தாய்மாமனோ படத்துக்குள்ளேயே இருக்கிறார். தாய் Aa என்பது உறுதி. அந்த a அவளுடைய பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தது. மற்றவர் AA என்று கொண்டால் தாய்மாமன் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 1/2. இளைய மகளின் 2/3 மாறுவதில்லை. 2/3 × 1/2 × 1/4 = 1/12. கிட்டத்தட்ட 13 மடங்கு அதிகம்.

'மற்றவர் AA என்று கொண்டால்' என்ற அனுமானத்தை விடைத்தாளில் தனி வரியாக எழுதிவிடுங்கள். அது இல்லாமல் அந்த 1/2-க்கு ஆதாரம் இல்லை.