மடிப்பில் விழுந்த முகம்

கேள்வி: நான் நீர்வண்ண ஓவியர். தாத்தாவோடு படகில் போய்ப் பழவேற்காடு ஏரியில் பூநாரை பார்க்கும் ஒரு சிறுமியைப் பற்றிய சிறுவர் படக்கதைக்குப் படம் வரைந்துகொண்டிருக்கிறேன். 215 மி.மீ. சதுரம், 40 பக்கம், பெர்ஃபெக்ட் பைண்டிங். மூன்று இரட்டைப் பக்கங்களை முடித்துக் கொடுத்ததும் அச்சகத்திலிருந்து ஒரு மாதிரிப் பிரதி வந்தது. படகுக் காட்சியில் நட்ட நடுவில் நான் வரைந்த சிறுமியின் முகம் மடிப்புக்குள் போய்விட்டது. கண்ணும் மூக்கும் காணோம். தாத்தா பிடித்திருக்கும் மூங்கில் கோல் இரண்டாக ஒடிந்ததுபோல் தெரிகிறது. ஏரித் தண்ணீரின் மேல் வைத்த எழுத்தை என் மகளால் படிக்க முடியவில்லை. வெள்ளைக் கட்டம் போட்டு அதற்குள் எழுத்தை வைக்கலாம் என்கிறார் பதிப்பாளர். எனக்கு மனசில்லை. அந்தப் படத்தைக் காப்பாற்ற வழி உண்டா? பின்னால் தெலுங்கிலும் இந்தப் புத்தகம் வரப்போகிறது.

— ஓவியர் ஒருவர், திருவள்ளூர் மாவட்டம்

பதில்: வழி உண்டு. வெள்ளைக் கட்டம் வேண்டாம்.

முகம் எங்கே போனது என்று முதலில் பார்ப்போம். பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் மடித்த பாரங்களை அடுக்கி, முதுகுப் பக்கத்தை இரண்டு மூன்று மி.மீ. சீவி, பசை தடவி அட்டையை ஒட்டுவார்கள். அப்படி ஒட்டிய புத்தகம் முழுக்கப் படியத் திறக்காது. பசையை ஒட்டி இன்னும் ஐந்தாறு மி.மீ. உள்ளேயே வளைந்து நிற்கும். ஆக ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 8 மி.மீ., இரண்டு பக்கமும் சேர்த்து 16 மி.மீ. கண்ணுக்குத் தெரியாமல் போகும். உங்கள் சிறுமியின் முகம் 40 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 16 மி.மீ. மறைந்தால் பக்கத்துக்கு 12 மி.மீ. கன்னமும் காதும்தான் மிஞ்சும். மாதிரிப் பிரதியில் நீங்கள் பார்த்தது இதைத்தான்.

கோல் ஒடிந்ததற்கும் அதே 16 மி.மீ.தான் காரணம். படுக்கையாகப் போகிற கோட்டில் நடுவே கொஞ்சம் காணாமல் போனால் கண்ணுக்குத் தெரியாது. கோடு அதே உயரத்தில் தொடரும். சாய்ந்த கோடு அப்படி அல்ல. 45 பாகை சாய்ந்த கோல் மடிப்பைத் தாண்டும்போது 16 மி.மீ. மறைந்தால், மறுபக்கத்தில் அது 16 மி.மீ. உயரம் தள்ளித்தான் வெளியே வரும். அதனால்தான் படகின் உடல் தப்பியது, கோல் ஒடிந்தது. படுக்கைக் கோட்டுக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. எதிரெதிராக வரும் இரண்டு பக்கங்கள் பெரும்பாலும் காகிதத்தின் வெவ்வேறு இடங்களில் அச்சாகின்றன. மடிக்கும்போது ஒன்று ஒரு மி.மீ. ஏறி நின்றாலும், தொடுவானம்போல மெல்லிய, கூர்மையான கோட்டில் படிக்கட்டு விழும். தொடுவானத்தைக் கோடாக இழுக்காமல் ஈரத்தில் கசியவிட்டுக் கரைத்துவிட்டால் அந்தப் படிக்கட்டு தெரியாது.

சென்டர் பின் அடித்தால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும். பக்கம் ஏறக்குறைய முழுதாகத் திறக்கும். சரியாக நடுவில் வரும் 20, 21ஆம் பக்கங்கள் ஒரே தாளாகவே இருக்கும். ஆனால் புத்தகத்துக்கு முதுகு இருக்காது, அலமாரியில் நிறுத்தினால் பெயர் தெரியாது. உங்கள் பதிப்பாளர் அதற்காகத்தான் பெர்ஃபெக்ட் பைண்டிங் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நூல் தையல் இரண்டுக்கும் நடுவிலானது, செலவு கூடும். பைண்டிங்கை மாற்றமாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு மேலே போவோம்.

படகுக் காட்சியைத் திரும்ப வரைய வேண்டாம், நகர்த்தினால் போதும். ஸ்கேன் செய்த முழுப் படத்தையும் இடப்பக்கமாக 40 மி.மீ. தள்ளுங்கள். மடிப்பின் நடுவில் இருந்த முகம் இப்போது முழுக்க இடப்பக்கத்துக்கு வந்துவிடும். அதன் வலது ஓரத்துக்கும் மடிப்புக்கும் நடுவே 20 மி.மீ. இருக்கும். முகம், கை, கண், எழுத்து எதுவானாலும் மடிப்பிலிருந்து இந்த 20 மி.மீ. விலகி நிற்பது நல்லது. 15-க்குக் கீழே நான் போவதில்லை. இடது ஓரத்தில் 40 மி.மீ. நாணல் வெட்டுப்படும். அதில் கதைக்கு நஷ்டமில்லை. வலது ஓரத்தில் 40 மி.மீ. புதிதாகத் தண்ணீர் வரைந்து சேர்க்க வேண்டும். அதோடு வெட்டுக்காக வெளி ஓரங்களில் 3 மி.மீ. கூடுதலாக வரைவதை மறக்காதீர்கள். படகு மடிப்பைத் தாண்டிப் போகட்டும், அதன் பலகைகள் படுக்கையாகத்தானே இருக்கின்றன. தாத்தாவின் கோலை மட்டும் செங்குத்தாக நிமிர்த்தி, வலப்பக்கத்துக்குள்ளேயே தண்ணீரில் இறங்கும்படி மாற்றி வரையுங்கள்.

படத்தை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் வெளிப்புறமாகச் சில மி.மீ. தள்ளி, மடிப்போரத்தில் அதே காட்சியைக் கொஞ்சம் திரும்ப நிரப்பும் முறையும் உண்டு. மறைகிற பகுதிக்கு ஈடாக அது வேலை செய்யும். ஆனால் எத்தனை மி.மீ. என்பதை அச்சகம்தான் சொல்ல வேண்டும். கூடிப்போனால் படகில் ஒரே பலகை இரண்டு முறை தெரியும். முகத்தை அப்படிக் காப்பாற்ற முயலாதீர்கள்.

மடிப்பையே கதையாக்கியவர்களும் இருக்கிறார்கள். தென்கொரிய ஓவியர் சூசி லீ 2008-இல் வெளியிட்ட ‘அலை’ என்ற வார்த்தையில்லாப் படப்புத்தகத்தில் சிறுமி ஒரு பக்கம், கடல் மறுபக்கம். நடுவில் மடிப்புதான் எல்லை. சிறுமி கை நீட்டினால் கை அந்த மடிப்புக்குள் மறைகிறது. அங்கே மறைவதற்கு ஒரு பொருள் இருக்கிறது. உங்கள் சிறுமி பறவையைப் பார்க்க வந்திருக்கிறாள், அவள் கண் வாசகருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

இனி எழுத்து. அந்தப் பக்கத்துக்கு 30 சொற்கள் என்றால், 18 பாயிண்டில் 10 செ.மீ. அகல வரியில் மூன்று நான்கு தமிழ்ச் சொற்கள்தான் பிடிக்கும். நம் சொற்கள் நீளம், உடைத்து எழுதினால் சின்னப் பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஆக ஒன்பது வரி. மேலே ‘கீ’யின் சுழி, கீழே ‘கூ’வின் வால் இரண்டும் அடுத்த வரியோடு முட்டாமல் இருக்க, வரிக்கு வரி 28 பாயிண்ட், அதாவது சுமார் ஒரு செ.மீ. விடவேண்டும். கணக்குப் பார்த்தால் 10 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம் தேவை. ஒரு பக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு இடத்தை வரைந்து முடித்த படத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, வரையும் முன்பே ஒதுக்க வேண்டும். உங்களுக்கு இந்தக் காட்சியில் நல்ல வாய்ப்பு கிடைத்திருக்கிறது: வலது ஓரத்தில் புதிதாக வரையப்போகும் தண்ணீரும் ஏற்கெனவே அங்கே இருக்கும் தண்ணீரும் சேர்ந்து அந்த இடத்தைத் தந்துவிடும். வெளி ஓரத்தில் 15 மி.மீ. விட்டு எழுத்தை வையுங்கள்.

உங்கள் மகள் தடுமாறியதற்கு நிறம் காரணமில்லை. நீங்கள் போட்ட அலைக்கோடுகளும் எழுத்தின் கோடுகளும் ஏறக்குறைய ஒரே பருமன். கண்ணுக்கு எது அலை, எது எழுத்து என்று பிரிக்கத் தெரியவில்லை. எழுத்து வரும் இடத்தில் அலைக்கோடே வேண்டாம். ஒரே வெளிர்ந்த பூச்சு, ஓரங்களில் மெல்ல அலைகளோடு கலக்கட்டும். அதிகாலை ஏரியில் ஒரு பக்கம் தண்ணீர் அசையாமல் வெளுத்துக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள், அதை வரையுங்கள். பிறகு செல்போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எழுத்துக்குப் பின்னால் சாம்பல் நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் இன்னொரு முறை வெளிறச் செய்ய வேண்டும்.

எழுத்து கறுப்பில்தான் இருக்க வேண்டும். கறுப்பு என்றால் நான்கு மையும் கலந்த கறுப்பு அல்ல, கோப்பில் `C0 M0 Y0 K100` என்று இருக்க வேண்டும். படத்தின் மேலேயே அச்சாகும்படி ஓவர்பிரிண்ட் அமைத்திருக்க வேண்டும். நான்கு மை கலந்த எழுத்தில் ஒரு தகடு மயிரிழை நகர்ந்தாலும் விளிம்பில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். இன்னொரு லாபமும் உண்டு. தெலுங்குப் பதிப்பு வரும்போது மற்ற மூன்று தகடுகளும் அப்படியே இருக்கும், கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். தெலுங்கு வாசகம் நீண்டுபோகலாம் என்பதால் ஒன்பது வரி இடத்தைப் பத்தரை வரியாக விட்டுவையுங்கள்.

கதையின் கடைசியில் இரவு ஏரி வருமானால், கரிய வானத்தில் வெள்ளை எழுத்து வைக்க ஆசை வரும். நானும் ஒரு புத்தகத்தில் வைத்தேன். திரையில் அழகாக இருந்தது. அச்சில் சுற்றியிருந்த மை கசிந்து வெள்ளைக்குள் ஏறி, மெல்லிய கோடுகளை அடைத்துவிட்டது; பல இடங்களில் மெய்யெழுத்தின் புள்ளியே போய்விட்டது. ‘கல்’ என்பதை ஒரு குழந்தை ‘கல’ என்று படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆங்கிலத்தில் புள்ளி போனாலும் எழுத்தை ஊகிக்கலாம். தமிழில் புள்ளி போனால் அது வேறு எழுத்து. அந்தக் குழந்தை தப்பாகப் படிக்கவில்லை, அங்கே அச்சாகியிருந்ததைத்தான் படித்தது. அதோடு வெள்ளை எழுத்தென்றால் நான்கு தகட்டிலும் இடம் வெட்ட வேண்டும், தெலுங்குக்கு நான்கையும் மாற்ற வேண்டும். வானத்தில் வைத்தே ஆகவேண்டுமானால் தடித்த எழுத்தில், 22 பாயிண்டுக்குக் குறையாமல், மிகக் குறைந்த சொற்களோடு வையுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நிலவொளி படர்ந்த தண்ணீரில் கறுப்பிலேயே வைப்பேன்.

மீதிப் பக்கங்களுக்கு ஒரு வேலை செய்யுங்கள். பத்து ஏ4 தாளை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 40 பக்கம். ஒவ்வொரு இரட்டைப் பக்கத்துக்கும் முதலில் வாசகத்தை அச்செடுத்து வெட்டி ஒட்டுங்கள், பிறகு பென்சிலில் படத்தைக் கோடிட்டுப் பாருங்கள். அதன் பின் முதுகிலிருந்து 8 மி.மீ. உள்ளே கடிக்கும்படி பெரிய பைண்டர் கிளிப்புகள் மாட்டிப் புரட்டுங்கள். எந்த முகம் மூழ்குகிறது, எந்தக் கோல் ஒடிகிறது என்பது பென்சில் கோட்டிலேயே தெரிந்துவிடும். தாள் உங்கள் புத்தகத்தைவிடச் சிறியது என்பதால் இந்த மாதிரியில் மடிப்பு கொஞ்சம் அதிகமாகவே விழுங்கும். அதில் தப்பியது அச்சிலும் தப்பும்.

அடுத்த படத்துக்குத் தாளை ஒட்டும் முன் அச்சகத்துக்கு நேரில் போய், முதுகில் எத்தனை மி.மீ. சீவுவார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதே காகிதத்தில், அதே 40 பக்கத்தில் ஒட்டிய வெற்றுப் புத்தகம் ஒன்றையும் கேளுங்கள். அதன் நடுவில் அளவுகோலை வைத்து, திறந்து பார்க்கையில் எவ்வளவு மறைகிறது என்று நீங்களே அளந்துவிட்டு வரைய உட்காருங்கள்.