பதினெட்டு ஆகிவிட்டது, லாரி ஸ்டியரிங்குக்கு இன்னும் இரண்டு வருடம்

கேள்வி: நானும் என் அண்ணனும் நாமக்கல்லில் பார்ட்னர்ஷிப் போட்டு லாரி ஓட்டுகிறோம். என் மகனுக்கு 16 வயதாக இருந்தபோது, லாபத்தில் பங்கு கிடைக்கட்டும் என்று அவனையும் பத்திரத்தில் சேர்த்தோம். அவனுக்கு 18 முடிந்து நான்கு மாதம் ஆகிறது. வாக்காளர் அட்டை வந்துவிட்டது. இனி லாரி ஓட்ட அனுப்பலாமா? புது லோனில் அவன் கையெழுத்துப் போடலாமா? தை மாதத்தில் மாமன் மகளைக் கட்டி வைக்கலாமா? பெண்ணுக்கு 19 வயது.

பதில்: வாசகர் கேட்டிருப்பவை மூன்று. அவர் கேட்காத நான்காவது விஷயம்தான் அவசரமானது. அதற்கு இரண்டே மாதம் மீதி இருக்கிறது.

18 வயது நிரம்பாதவர் பார்ட்னராக முடியாது. ஆனால் 1932-ம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், 30-வது பிரிவில், மற்ற பார்ட்னர்கள் சம்மதித்தால் லாபத்தில் மட்டும் அவரைச் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. அந்தக் காலத்தில் தொழில் நொடித்துப்போனால் நிறுவனத்தில் அவருக்குள்ள பங்கு போகலாம். அவருடைய சொந்தச் சொத்தைக் கடன்காரர் தொட முடியாது. இந்தப் பாதுகாப்பு 18 முடிந்த பிறகு ஆறு மாதம் வரைதான். (தன்னைச் சேர்த்ததே பையனுக்குத் தெரியாது என்றால், தெரிந்த நாளிலிருந்து ஆறு மாதம்.) அதற்குள், பார்ட்னராகத் தொடர்கிறேன் என்றோ விலகுகிறேன் என்றோ அவர் பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சும்மா இருந்துவிட்டால் ஆறாவது மாத முடிவில் தானாகவே பார்ட்னராகிவிடுவார். அதோடு, 16 வயதில் சேர்ந்த நாளிலிருந்து நிறுவனம் வாங்கிய கடன்களுக்கும் சொந்தப் பொறுப்பு ஏற்க வேண்டிவரும். டயர் கடை பாக்கி, டீசல் பாக்கி, வண்டிக் கடன் எதுவும் இதற்கு விலக்கல்ல.

இதே பையன் 17 வயதில் ஒரு கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தால் கதையே வேறு. கல்கத்தாவில் 1895-ல் தர்மதாஸ் கோஷ் என்ற இளைஞர், மைனராக இருந்தபோதே, 20,000 ரூபாய்க்குத் தன் சொத்தை அடமானம் எழுதிக் கொடுத்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-ல் தீர்ப்பு வந்தது. கொடுத்த பணத்தைத் திருப்பித் தரும்படியும் உத்தரவிடவில்லை. மைனரின் ஒப்பந்தம் செல்லாது என்பதே இன்றும் சட்டம். 18 ஆன பிறகு பழைய பத்திரத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலும் அதற்கு உயிர் வராது. ஆக, மைனரின் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது. மேஜரான பின் ஆறு மாத மௌனம் கட்டுப்படுத்தும். குடும்பத் தொழில் செய்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

புது லோன் வேறு விஷயம். இன்று அவர் மேஜர். கையெழுத்துச் செல்லும், பொறுப்பும் முழுதாக வரும். பார்ட்னராக இருப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வரை அந்தப் பேனாவைத் தள்ளி வைப்பதே நல்லது.

லாரி ஓட்ட அனுப்பக் கூடாது. கார் லைசென்ஸுக்கு 18 போதும். லாரி போன்ற போக்குவரத்து வாகனத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 20 வயது கேட்கிறது. அதற்கான பழகுநர் உரிமம் வாங்கவே இலகுரக வாகன லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். எனவே கார் லைசென்ஸை இப்போதே எடுப்பது பலன் தரும். உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த தொகையை உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்க வழி உண்டு.

திருமணத்துக்கு ஆணுக்கு 21 முடிந்திருக்க வேண்டும். ஓட்டுப் போடுகிறவன் கல்யாணம் செய்யக் கூடாதா என்று வாசகர் கேட்கலாம். மேஜர் வயதை 18 என்று சொல்லும் 1875-ம் ஆண்டுச் சட்டமே திருமணத்தைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. ஓட்டு வயது அரசியல் சாசனத்திலிருந்து வருவது. அதுவும் 1989 மார்ச் வரை 21-ஆக இருந்தது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 21 நிரம்பாத ஆண் ‘குழந்தை’தான். மேஜரான பெண்ணை மணக்கும் 18 முதல் 21 வயது வரையிலான ஆணுக்கு அதன் 9-வது பிரிவில் தண்டனை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னது. ஆனால் கல்யாணத்தை நடத்தி வைப்பவருக்கும் முன்னின்று ஏற்பாடு செய்யும் தந்தைக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்ற பிரிவுகள் அப்படியே இருக்கின்றன. தை முகூர்த்தத்தில் மாட்டிக்கொள்ளப்போவது மகன் அல்ல, வாசகர்.

இனி அந்த அறிவிப்பு. அரசிதழிலும், நாமக்கல் மாவட்டத்தில் விற்பனையாகும் ஒரு தமிழ் நாளிதழிலும் வெளியிட வேண்டும். நிறுவனம் பதிவானது என்றால் கூட்டாண்மை நிறுவனப் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். அரசிதழில் அச்சாக நாளாகும் என்பதால் ஐந்தாவது மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன், மகனைச் சேர்த்த நாள் முதல் இன்று வரையிலான வரவு செலவு, கடன் பாக்கி எல்லாவற்றையும் ஆடிட்டரிடம் எழுதி வாங்கி மகன் கையில் கொடுக்க வேண்டும். தொடர்வதா விலகுவதா என்பதை அதைப் பார்த்து அவரே முடிவு செய்யட்டும். விலகினால், அறிவிப்புத் தேதிக்குப் பிந்தைய கடனுக்கு அவர் பங்கும் பொறுப்பாகாது. தன் பங்கைக் கணக்குத் தீர்த்துக் கேட்கும் உரிமையும் உண்டு.